சொட்டு நீர் வீடியோ: கேமரா எங்கே நெருங்க வேண்டும்?

சொட்டு நீர் அமைப்பது எப்படி என்று விவசாயிகளுக்குக் காட்டும் வீடியோக்கள் பல, ட்ரோனில் இருந்து எடுத்த பச்சை வரிசைகளோடும் பின்னணி இசையோடும் தொடங்குகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரப்பில் நின்றாலே தெரிகிற காட்சி அது. டிரிப் கெட்டுப்போவது விரல் நுனி அளவு இடங்களில். விவசாயி பார்க்க வேண்டியதும் அங்கேதான்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஏக்கர் தக்காளித் தோட்டத்தில் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிலம் 80 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். முதல் காட்சியில் குழாய் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். போர் தண்ணீரை அதில் விட்டு, பக்கத்தில் செல்போன் கடிகாரத்தை ஓட விடுங்கள். டிரம் ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 8,000 லிட்டர். இப்போது நிலத்தின் தேவை. நடுவில் சப்மெயின் போட்டு இரு பக்கமும் 40 மீட்டர் லேட்டரல் இழுக்கிறோம். வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் என்றால் பக்கத்துக்கு 33, மொத்தம் 66 லேட்டரல். 60 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் வீதம் ஒவ்வொன்றிலும் 66 டிரிப்பர். ஒரு டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடும். ஆக மொத்தம் 17,424 லிட்டர் வேண்டும். கையில் இருப்பதோ 8,000.

ஒரே வால்வில் முழு ஏக்கரையும் திறந்தால் கடைசி வரிசை ஏன் காய்கிறது என்பதற்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. இரண்டு வால்வாகப் பிரித்தாலும் ஒன்றுக்கு 8,712 லிட்டர், அதுவும் போதாது. மூன்றாகப் பிரித்தால் 5,808. டிரம்மில் விழும் தண்ணீர் தடையில்லாமல் விழுவது. ஃபில்டரும் குழாயும் சேர்ந்ததும் வரத்து கொஞ்சம் குறையும். அதற்கும் சேர்த்து இடம் விட்டால் மூன்று வால்வுதான் சரி. மிஞ்சும் தண்ணீரைப் பைபாஸ் வால்வு வழியாகக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்பிவிடலாம். இந்தக் கணக்கை வேகமாகச் சொல்லிக் கடக்கக் கூடாது. எண்களைத் திரையில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பார்ப்பவர் மனக்கணக்குப் போட நேரம் விட வேண்டும்.

அடுத்து சப்மெயினில் துளை போடும் காட்சி. கேமராவை எதிரில் வைத்தால் வலது இடதாகிவிடும். வேலை செய்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுத்தால் பார்ப்பவர் தன் கையைப் பார்ப்பதுபோல் இருக்கும். ரப்பர் வாஷருக்குப் பொருந்துகிற ட்ரில் பிட்டைத்தான் எடுக்க வேண்டும். பிட் பெரிதானால் வாஷர் ஓரத்தில் கசியும், சிறிதானால் வாஷர் கிழியும். துளை குழாயின் மேல் சுவரில் மட்டும் விழ வேண்டும். ட்ரில்லை அழுத்திப் பிடித்தால் அடிச்சுவரும் ஓட்டையாகும். குழாயை மூடிய பிறகு அது கண்ணுக்குப் படாது. துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை விரலால் தடவிக் காட்டி, தேய்த்து எடுத்த பிறகே வாஷரையும் டேக் ஆஃபையும் மாட்ட வேண்டும். ஒரு துளையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் காட்டினால் போதும், மற்ற 65ஐயும் காட்டத் தேவையில்லை.

துளை போட்டபோது உதிர்ந்த பி.வி.சி. தூள் குழாய்க்குள்தான் கிடக்கிறது. புது டிரிப்பரை முதலில் அடைப்பது பெரும்பாலும் அதுதான், கிணற்று மண் அல்ல. அதனால் லேட்டரலை மாட்டும் முன் முதலில் மெயினையும் பிறகு சப்மெயினையும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். லேட்டரலின் முறை கடைசியில். பசை போட்ட இணைப்புகள் காய்ந்த பிறகே தண்ணீர் விடலாம். சப்மெயின் முனையிலுள்ள ஃப்ளஷ் வால்வின் கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, அதில் ஒட்டும் துகள்களைக் கேமரா நெருங்கிக் காட்டட்டும். ‘கழுவுங்க’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது அந்தத் துணியைப் பார்த்தால் ஏறும். தண்ணீர் தெளியும் வரை ஓட விட்டு, பிறகு லேட்டரலை மாட்டி, அதன் முனைகளைத் திறந்து வைத்து அதே போல் கழுவி, கடைசியாக எண்ட் கேப் போட வேண்டும்.

லேட்டரலை விரிக்கும்போது டிரிப்பர் துளை மேல் நோக்கி இருக்கட்டும். மோட்டார் நின்றதும் அடியில் தங்கும் வண்டல் துளைக்கு வராது. நேர்க்கோடாக இறுக்கி இழுக்கவும் கூடாது. உச்சி வெயிலில் நீளும் கருப்புக் குழாய் இரவில் சுருங்கி, டேக் ஆஃபை விட்டுக் கழன்று வந்துவிடும். சற்று வளைந்து கிடந்தால் அழகு குறைந்தாலும் அதுதான் முறை. படம் எடுப்பவருக்கும் ஒரு சொல்: நடுப்பகல் வெயிலில் கருப்புக் குழாயில் கருப்புத் துளை தெரியாது. நெருங்கிய காட்சிகளைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

வீடியோவின் உயிர்க்காட்சி டம்ளர் சோதனை. மணிக்கு 4 லிட்டர் என்றால் மூன்று நிமிடத்துக்கு 200 மில்லி. ஒரு வால்வை மட்டும் திறந்து, முதல் வரிசையின் முதல் டிரிப்பர், கடைசி டிரிப்பர், கடைசி வரிசையின் முதல் டிரிப்பர், கடைசி டிரிப்பர் என நான்கு இடங்களில் மண்ணைக் கொஞ்சம் தோண்டி டம்ளர் வைக்க வேண்டும். மூன்று நிமிடம் கழித்து நான்கையும் வரிசையாக நிறுத்தினால் கதை புரியும். குறைந்தது 180 மில்லி இருந்தால் கவலையில்லை. நான்கிலும் குறைவென்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மோட்டார் தரும் பிரஷர் போதவில்லை. கடைசி வரிசையின் இரண்டு டம்ளரும் குறைந்தால் சப்மெயினில் கசிவு இருக்கலாம், அல்லது குழாய் அளவு சிறியது. ஒரு வரிசையின் கடைசி டம்ளர் மட்டும் குறைந்தால் அந்த லேட்டரல் எங்கோ மடங்கியோ கடிபட்டோ கிடக்கிறது. அந்த டிரிப்பர் மட்டும் அடைத்தும் இருக்கலாம், பக்கத்து டிரிப்பரில் டம்ளரை மாற்றி வைத்தால் தெரிந்துவிடும்.

ஃபில்டரைக் காட்டும்போது, அதன் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பிரஷர் கேஜின் முட்களும் ஒரே சட்டத்துக்குள் தெரிய வேண்டும். சுத்தமான ஃபில்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் சிறிதுதான். அது அரை கிலோவைத் தாண்டினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. ஆசிட் விட்டு உப்பு அடைப்பை நீக்கும் வேலையை இந்த வீடியோவில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது என்பது முதல் கையுறை வரை பொறுமையாகச் சொல்ல வேண்டிய வேலை அது. தனி வீடியோவே வேண்டும்.

குரலை வயலில் பதிய வேண்டாம். மோட்டார் சத்தமும் காற்றும் சொல்லை விழுங்கிவிடும். படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிந்தால் கையும் சொல்லும் சேரும். ‘துளை விளிம்பில் உள்ள பிசிறுகள் அகற்றப்படுதல் வேண்டும்’ என்று வாசிக்கிற குரலை எந்தத் தோட்டத்திலும் கேட்க முடியாது. ‘பிசிறு நிக்குது பாருங்க, இதை எடுக்காம வாஷரை மாட்டாதீங்க’ என்றால் முடிந்தது. டம்ளர் நிறையும் மூன்று நிமிடத்தையும் திரையில் ஓட்டத் தேவையில்லை, சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் சுருக்கியிருக்கிறது என்று குரல் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் டம்ளரை எடுத்துப் பார்த்துவிட்டு, டிரிப் வேலை செய்யவில்லை என்று டீலருக்கு போன் போடுவார்கள்.

முழு வீடியோவையும் ஒரே கோப்பாக மட்டும் வைக்காமல் டிரம், துளை, கழுவுதல், லேட்டரல், டம்ளர், ஃபில்டர் என்று துண்டுகளாகவும் வெட்டி வைக்கலாம். குழாய் பதிக்கும் நாளில் துளைத் துண்டு மட்டும் வேண்டியிருக்கும். பயிர் காய்த்து நிற்கும்போது ஒரு வரிசை வாடினால், வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது டம்ளர் துண்டு.