ஆடிட்டருக்குப் போகும் கோப்பு

நிதியாண்டு முடிந்து சில வாரங்களில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். வங்கி ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சரக்கு இருப்பு, புதிதாக வாங்கிய சொத்துகளின் பில், கடன் கணக்கு என்று இருபது முப்பது வரி இருக்கும். பல கடைகளில் கைக்குக் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில், "அது வந்துச்சா? இது வரலையே" என்று இரு பக்கமும் போன் பறக்கும். இந்த இழுபறியை இரண்டு தாள்கள் பெருமளவு நிறுத்திவிடும். ஒன்று, என்னென்ன அனுப்பினோம் என்று சொல்லும் கோப்பு அட்டவணை. மற்றொன்று, எது இன்னும் முடியவில்லை என்று சொல்லும் நிலுவைப் பட்டியல்.

கோவையில் பைப்பும் மோட்டார் பம்ப்பும் விற்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். தனி உரிமையாளர், 2024-25 நிதியாண்டில் விற்பனை 3 கோடியே 40 லட்சம் ரூபாய். வரவிலும் செலவிலும் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்திருந்தால் 10 கோடி வரை வரித் தணிக்கை தேவைப்பட்டிருக்காது. இங்கே சில்லறை வியாபாரம் பெரும்பாலும் ரொக்கம். அதனால் 1 கோடி என்ற வரம்புதான் பொருந்தும். கணக்கு தணிக்கைக்குப் போக வேண்டும்.

அட்டவணையை நம் பீரோவின் வரிசையில் போடக் கூடாது. ஆடிட்டர் அனுப்பிய பட்டியலில் வங்கி ஸ்டேட்மென்ட் 4-ஆவது என்றால் நம் அட்டவணையிலும் அது 4 தான். அந்த எண்ணே கோப்பின் பெயரிலும் முதலில் வர வேண்டும்.

```
04a_current_ac_2024-04_to_2025-03.pdf
04b_bank_reconciliation_2025-03-31.xlsx
04c_FD_interest_2024-25.pdf
11a_van_invoice.pdf
```

ஒவ்வொரு வரியிலும் எண், ஆவணம், காலம், கோப்பின் பெயர் ஆகியவற்றோடு ஒரு தொகையும் இருக்க வேண்டும். அட்டவணையின் உயிர் அந்தத் தொகைதான். நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டில் மார்ச் 31 அன்று மீதி 2,18,340 ரூபாய், டேலியில் 1,69,840. வித்தியாசம் 48,500. மார்ச் 28-இல் கொடுத்த செக் ஏப்ரல் 4-இல்தான் பாஸாகியிருக்கிறது. இரண்டு தொகையையும் எழுதி, 04b கோப்பில் அந்த செக்கைக் காட்டிவிட்டால் ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த வேலை சில நிமிடங்களில் முடியும். காரணம் தெரிந்த வித்தியாசம் நிலுவை அல்ல என்பதால் அது அடுத்த தாளுக்குப் போக வேண்டியதில்லை.

அனுப்புவதற்கு முன் நாமே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஏப்ரல் 1, 2024 அன்று டேலியில் இருக்கும் தொடக்க மீதிகளைப் போன ஆண்டு ஆடிட்டர் கையெழுத்திட்ட இருப்புநிலைக் குறிப்போடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், தணிக்கை முடிந்தபின் யாரோ பழைய ஆண்டுக்குள் புகுந்து ஒரு பதிவை மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஆடிட்டர் போன ஆண்டு சொன்ன திருத்தப் பதிவு டேலியில் ஏறவே இல்லை. இதைச் சரிசெய்யாமல் அனுப்பும் எந்த ஆவணமும் மறுபடி அனுப்ப வேண்டியதாகிவிடும்.

கோப்பு இல்லாத வரியை வெறுமையாக விடக் கூடாது. அந்த வெற்றிடத்துக்கு மூன்று பொருள் இருக்கலாம். வெளிக்கடன் எதுவும் வாங்கவில்லை என்றால் 'இல்லை'. ஏற்றுமதியே செய்யாத கடைக்கு ஏற்றுமதி பில் கேட்டிருந்தால் 'பொருந்தாது'. ஆவணம் இருக்கிறது, கைக்கு வரவில்லை என்றால் 'வர வேண்டும்'. மூன்றாவது வகை மட்டும் நிலுவைப் பட்டியலுக்குப் போகும்.

அந்தப் பட்டியலைத்தான் பலர் எழுதத் தயங்குகிறார்கள். குறையை நாமே காட்டிக்கொடுப்பானேன் என்ற எண்ணம். என் பார்வையில் இரண்டு தாள்களில் மதிப்புள்ளது இதுதான். நம் கடையில் மூன்று நிலுவைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, வைப்புத்தொகை வட்டி. டேலியில் வட்டி வருமானம் 56,160 ரூபாய். வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் 62,400. வங்கி 10 சதவீதம், அதாவது 6,240 ரூபாய், டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைத்தது. கணக்கு எழுதியவர் கைக்கு வந்ததை மட்டும் வருமானமாக எழுதிவிட்டார். பிடித்த வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால் முழு 62,400-ஐயும் வருமானமாகக் காட்டியாக வேண்டும். பட்டியலில் எழுத வேண்டியது: "வட்டி 6,240 குறைவாகப் பதிவாகியுள்ளது, திருத்தப் பதிவு போடச் சம்மதம்."

இரண்டாவது, பைப் சப்ளையர் பாக்கி. நம் லெட்ஜரில் 3,86,400. அவர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் 4,12,000. வித்தியாசமான 25,600 அவருடைய மார்ச் 30 தேதியிட்ட பில். சரக்கு நம் கிடங்குக்கு ஏப்ரல் 3-இல் வந்தது. மார்ச் 31 அன்று அந்தச் சரக்கு யாருடையது என்பது விற்பனை நிபந்தனையைப் பொறுத்தது. அவர் கிடங்கிலிருந்து கிளம்பியதுமே நம்முடையது என்று பேச்சு இருந்தால், வழியில் இருந்த சரக்கு கொள்முதலிலும் சேர வேண்டும், இருப்பிலும் சேர வேண்டும். ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டால் லாபம் தவறிவிடும். இந்த முடிவை ஆடிட்டரிடம் விட்டுவிட்டு பில், லாரி ரசீது, ஆர்டர் மூன்றையும் இணைத்தால் போதும்.

மூன்றாவது, 9,60,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கு வேன். பில் தேதி செப்டம்பர் 26, ஆனால் ஆர்.சி. புத்தகத்தின் நகல் இன்னும் ஷோரூமிலிருந்து வரவில்லை. முழுத் தேய்மானத்துக்கு வாங்கிய தேதி மட்டும் போதாது. அந்த ஆண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த நிதியாண்டில் அக்டோபர் 3-க்குள் ஓடத் தொடங்கியிருந்தால் முழு 15 சதவீதம், 1,44,000 ரூபாய். அதற்குப் பிறகு என்றால் பாதி, 72,000 தான். ஆகவே நிலுவை வரியில், "ஆர்.சி. நகல் வர வேண்டும், பயன்பாடு தொடங்கிய தேதி உறுதியாகவில்லை, லாபத்தில் 72,000 வரை மாறலாம், பொறுப்பு கடை மேலாளர், ஜூலை 20-க்குள்" என்று எழுத வேண்டும். ஆளும் தேதியும் இல்லாத வரி பட்டியலிலேயே தங்கிவிடும்.

இந்தத் தாள்களால் ஆகாததும் உண்டு. பெரிய பாக்கிகளை ஆடிட்டர் எதிர்த் தரப்பிடமே எழுதிக் கேட்கலாம். தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 505-இன்படி அந்தப் பதில் நேரே அவருக்கு வர வேண்டும். நம் கை வழியே போன கடிதத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அதனால் சப்ளையரின் முகவரியும் மெயில் ஐ.டி.யும் சரியாக இருக்கும்படி கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது.

அனுப்பிய நாளிலிருந்து டேலியில் அந்த ஆண்டுக்குள் யாரும் பதிவு போடக் கூடாது. போட்டால் அட்டவணையில் எழுதிய தொகைகள் ஓசையில்லாமல் பொய்யாகிவிடும். திருத்தம் தேவைப்பட்டால் பட்டியலில் எழுதி, ஆடிட்டர் ஒப்புக்கொண்ட பின் போடலாம். இரண்டாவது தவணை அனுப்பும்போது முடிந்த வரிகளை அழிக்காமல், முடிந்த தேதியையும் புதிய கோப்பின் எண்ணையும் எதிரே எழுத வேண்டும். ஆர்.சி. நகல் வந்ததும் அது 11b. அதில் பதிவு தேதி அக்டோபர் 7 என்று இருந்தால், பதிவுக்கு முன் வேன் சாலையில் ஓடியதாகச் சொல்ல முடியாது. பாதித் தேய்மானம் 72,000 என்று முடிவாகி அந்த வரி மூடப்படும்.