விரலும் திரையும்: சண்டை விளையாட்டுகளில் மூன்று பிரேம் கணக்கு

நண்பனோடு ஒரே டிவி முன் உட்கார்ந்து ஆடும்போது பிசகாமல் விழும் காம்போ, ஆன்லைனில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. சண்டை விளையாட்டு ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த வேதனை இது. இணையத்தின் தாமதத்தை விளையாட்டு எந்த இடத்தில் ஒளித்துவைக்கிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற விளையாட்டுகள் விநாடிக்கு 60 பிரேம் ஓடுகின்றன. ஒரு பிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி. ஆட்டம் இரண்டு வீடுகளிலும் தனித்தனியே ஓடும். எந்த பிரேமில் எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது என்ற சிறு தகவல் மட்டுமே இணையம் வழியாகப் போய் வரும்.

நீங்கள் ரியூ, எதிராளி கென் என்று வைத்துக்கொள்வோம். பிங் 100 மில்லி விநாடி என்றால் ஒரு தகவல் ஒரு பக்கம் போய்ச்சேர 50 மில்லி விநாடி, அதாவது மூன்று பிரேம் ஆகும்.

காத்திருக்கும் முறை

டிலே முறையில், 100ஆம் பிரேமில் நீங்கள் அழுத்திய குத்து 103ஆம் பிரேமில்தான் இரு திரைகளிலும் கிளம்பும். எதிராளியின் தகவல் வந்துசேரும் வரை உங்கள் கையையும் சேர்த்து நிறுத்திவைப்பதுதான் இதன் வழி. இந்தத் தாமதம் மாறாமல் இருந்தால் விரல் ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் வைஃபையில் ஒரு தகவல் தடுமாறினாலும் ஆட்டம் நின்று நின்று ஓடும். சில விளையாட்டுகள் ஆட்டத்தின் நடுவிலேயே தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இல் சில காம்போக்களுக்கு அடுத்த அடியைச் சரியாக ஒரே ஒரு பிரேமில் அழுத்தியாக வேண்டும். இரண்டு அடிகளுக்கும் நடுவே தாமதம் மாறினால் எவ்வளவு தேர்ந்த விரலாலும் அதைப் பிடிக்க முடியாது.

ஊகிக்கும் முறை

2006இல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வெளியான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஹைப்பர் ஃபைட்டிங்கின் ஆன்லைன் ஆட்டம் டோனி கேனனுக்குத் திருப்தி தரவில்லை. ஈவோ போட்டியை நிறுவியவர்களில் ஒருவரான அவர் உருவாக்கிய GGPO மென்பொருள்தான் ரோல்பேக் முறையைப் பரவலாக்கியது.

இதில் உங்கள் குத்து காத்திருக்காமல் உடனே கிளம்பும். எதிராளியின் தகவல் வரும் வரை, அவர் கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று கணினி ஊகித்து ஆட்டத்தை நகர்த்தும். எவ்வளவு வேகமான ஆட்டக்காரரும் 60 பிரேமுக்கு 60 முறை பட்டன் மாற்றுவதில்லை என்பதால், ஊகம் பெரும்பாலும் பலித்துவிடும்.

பலிக்காதபோதுதான் ரோல்பேக் நடக்கிறது. 100ஆம் பிரேமில் கென் உதைத்த செய்தி 103இல் உங்களுக்கு வருகிறது. உடனே கணினி, சேமித்துவைத்த 100ஆம் பிரேமுக்குத் திரும்பி, உண்மையான உதையைச் சேர்த்து, நடுவில் போன மூன்று பிரேம்களையும் திரையில் காட்டாமலே கணக்கிட்டு, 103ஐ வரைந்துவிடும். உதையின் முதல் மூன்று பிரேம்கள் உங்கள் கண்ணில் படாமல் போகும்.

அது ஏன் பெரிதாக உறுத்துவதில்லை? கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் கால் விநாடி, அதாவது 15 பிரேம் வேண்டும். நான்கு பிரேமில் வந்து விழும் குத்தை நேருக்கு நேர் ஆட்டத்திலும் யாரும் பார்த்துத் தடுப்பதில்லை, எதிர்பார்த்துத்தான் தடுக்கிறார்கள். 24 பிரேம் எடுக்கும் மெதுவான அடியில் மூன்று போனாலும் 21 மிச்சம் இருக்கிறது. டிலே முறை நம் விரலில் சுமத்திய தாமதத்தை, ரோல்பேக் எதிராளியின் அசைவுத் தொடக்கத்துக்கு மாற்றிவிடுகிறது. அந்த இடத்தில் நமக்கு இழப்பு குறைவு.

எங்கே சறுக்கும்?

பிங் 250ஐத் தாண்டினால் ஏழெட்டு பிரேம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். தரையில் நின்ற கென் திடீரென ஆகாயத்தில் தோன்றுவார். விழுந்ததாகத் தெரிந்த அடி, தடுக்கப்பட்டதாக மாறும். இதைக் குறைக்க, பல விளையாட்டுகள் இரண்டொரு பிரேம் நிலையான தாமதத்தையும் ரோல்பேக்கோடு சேர்த்துக்கொள்கின்றன.

இரு கணினிகளின் ஓட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஒன்று சில பிரேம் முந்திவிட்டால், அந்தப் பக்கத்தில் மட்டும் எதிராளி தாவித்தாவித் தெரிவார், மறுபக்கம் ஆட்டம் சீராக இருக்கும். 2016இல் ரோல்பேக்கோடு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இன் நீண்டகாலக் குறை இதுதான். 2020 தொடக்கத்தில் ஒரு ரசிகர் தாமே திருத்தம் எழுதி வெளியிட்ட பிறகு, கேப்காமும் அதிகாரபூர்வத் திருத்தம் கொண்டுவந்தது.

பழைய விளையாட்டில் ரோல்பேக்கைப் புகுத்துவதும் எளிதல்ல. ஆட்டத்தின் முழு நிலையையும் பிரேமுக்குப் பிரேம் சேமிக்க வேண்டும், திரும்பக் கணக்கிட்டால் அதே விடை வர வேண்டும், பல பிரேம்களின் கணக்கு 16 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும்.

அடுத்த முறை ஆன்லைனில் தோற்கும்போது கவனியுங்கள். உங்கள் கையே கனத்தால் அது டிலே. கை இலகுவாக இருந்து எதிராளி தாவினால் அது ரோல்பேக். நீங்கள் மட்டும் தாவலைப் பார்த்தால், ஓட்டம் சமமாக இல்லை என்று சந்தேகிக்கலாம். எந்த முறையானாலும், வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். தகவல் தடுமாறாமல் வந்தால் டிலே முறையில் ஆட்டம் நிற்காது, ரோல்பேக் முறையில் எதிராளியின் தாவலும் குறையும்.