கடற்காகங்களும் பருந்துகளும் மீன்பிடிப் படகுகளைப் பின்தொடர்வது ஏன்?

மீன்பிடிப் படகுகளின் மேல் கடற்காகங்களும் பருந்துகளும் கூட்டமாக வட்டமிடுவதைக் கடற்கரை ஊர்களில் நாள்தோறும் காணலாம். அவை உணவுக்காக வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடல் முழுதும் மீன் இருக்கும்போது படகை ஏன் தேடி வர வேண்டும்? வந்தபின் நேராகப் பறக்காமல் ஏன் வட்டமிட வேண்டும்? இவ்விரு கேள்விகளுக்கும் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் இயங்கும் இழுவைப் படகை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விடை தருகிறது.

பறவைகள்

இக்கரையில் படகுகளின் மேல் காணப்படும் பருந்துகள் இரண்டு. ஒன்று, வெண்ணிறத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்து. இதையே கருடன் என்கிறோம். மற்றொன்று, பிளவுபட்ட வால் கொண்ட கள்ளப்பருந்து. கடற்காகங்களில் பழுப்புத்தலைக் கடற்காகம் மிகுதியாக வருகிறது. இது லடாக், திபெத் போன்ற உயர்ந்த நிலப்பகுதிகளின் ஏரிகளில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் பறவை.

எட்டாத மீன்

கடற்காகத்தின் உடல் எடை குறைந்தது. இறகுகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கும். எனவே அது தக்கை போல நீரின் மேல் மிதக்குமே தவிர, ஆழமாக மூழ்க முடியாது. மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழும் உள்ளதை மட்டுமே அலகால் கொத்தி எடுக்கும். பருந்தின் நிலை இன்னும் கடினம். அதற்கு நீந்தத் தெரியாது. நீரில் அமர்ந்து எழவும் இயலாது. பறந்தபடியே தாழ்ந்து வந்து, கால் நகங்களால் மேற்பரப்பில் கிடப்பதைப் பற்றிச் செல்ல வேண்டும்.

ஆகவே கடலடியில் வாழும் காரல், சங்கரா போன்ற மீன்கள் இப்பறவைகளுக்கு எட்டாதவை. அவற்றை மேலே கொண்டு வருவது இழுவை மடிதான். மடி கடலடியை ஒட்டிச் சில மணி நேரம் இழுக்கப்பட்டுப் பின் வின்ச் கொண்டு தூக்கப்படுகிறது. அதில் விலைபோகும் மீனோடு சிறு மீன், நண்டு, சங்கு எனப் பலவும் ஏறுகின்றன. தளத்தில் கொட்டித் தரம் பிரித்தபின், வேண்டாதவை கடலில் எறியப்படுகின்றன. இதுவே கழிசல் மீன்.

எறிந்த மீன் ஏன் மிதக்கிறது?

பல மீன்களின் உடலுக்குள் காற்றுப்பை உண்டு. மீனவர் இதை நெட்டி என்பர். நீரில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. எனவே 30 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் 3, அதன் மேலுள்ள காற்றின் அழுத்தம் 1, ஆக மொத்தம் 4 வளிமண்டலம். அங்கே ஒரு சங்கராவின் பையில் 5 மில்லிலிட்டர் வாயு இருப்பதாகக் கொள்வோம். மேற்பரப்பில் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதால், பாயில் விதிப்படி அந்த வாயு 20 மில்லிலிட்டராக விரிய முற்படும். மீனின் உடலில் அதற்கு இடமில்லை. வயிறு உப்புகிறது, சில மீன்களில் இரைப்பையே வாய் வழியாகப் பிதுங்குகிறது, சிலவற்றில் பை கிழிந்துவிடுகிறது. உப்பிய மீனைத் திரும்பக் கடலில் எறிந்தால், உயிர் இருந்தாலும் அதனால் கீழே செல்ல முடியாது. வயிறு மேலாக மிதக்கிறது. கடற்காகத்துக்கும் பருந்துக்கும் வேண்டியது இதுவே.

எல்லாமே மிதப்பதில்லை. நன்கு வளர்ந்த நாக்கு மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. நண்டுக்கும் சங்குக்கும் இல்லை. இவை உடனே மூழ்கிவிடும். இவற்றைப் பிடிக்க வேண்டுமானால், எறியும் நொடியில் பறவை அருகிலேயே இருந்தாக வேண்டும். படகை ஒட்டியே அவை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி அறிகின்றன?

கடற்காகங்கள் பெரும்பாலும் பார்வையால் அறிகின்றன. 30 மீட்டர் உயரத்தில் பறக்கும் பறவைக்கு அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அமையும். தெளிவான நாளில் படகு மட்டுமன்றி, அதன் மேல் கூடும் மற்றப் பறவைகளும் தெரியும். ஒரு பறவை சட்டெனத் தாழ்வதைக் கண்டால், தொலைவில் இருப்பவையும் அத்திசை நோக்கித் திரும்பும். சிறிது நேரத்தில் பெருங்கூட்டம் சேர்வது இதனால்தான்.

மடி இழுபடும்போது பறவைகள் சிதறிப் பறக்கும். கடற்காகங்கள் நீரில் அமர்ந்து இளைப்பாறுவதும் உண்டு. மடி மேலேறித் தரம் பிரித்தல் தொடங்கியதும் நெருங்கிக் கூச்சலிடும். எனவே தொலைவிலிருந்தே, கூட்டத்தின் நெருக்கத்தைக் கொண்டு படகில் என்ன வேலை நடக்கிறது என ஊகிக்கலாம். கழிசல் அதிகம் சேராத செவுள் வலைப் படகுகளின் பின்னே இத்தனை பறவைகள் வருவதில்லை.

வட்டமிடுவது ஏன்?

மடியை இழுக்கும் படகு மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. கடற்காகமோ மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் பறக்கிறது. பத்து நொடியில் பறவை 100 மீட்டர் செல்லும்போது படகு 14 மீட்டர்தான் சென்றிருக்கும். பறவை படகின் வேகத்துக்குக் குறைந்தால், சிறகின் மேல் போதிய காற்றோட்டம் இல்லாமல் கீழே இறங்கிவிடும். ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கலாம். ஆனால் அதற்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாகும். ஆகவே தன் வேகத்தைக் குறைக்காமல் படகை விட்டும் விலகாமல் இருக்க எளிய வழி, வட்டமிடுவது.

இதைச் சரிபார்க்க முடியும். பலத்த காற்று வீசும் நாளில், காற்றை எதிர்த்துச் செல்லும் படகைக் கவனித்தால் வட்டம் குறைந்திருக்கும். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், பறவை காற்றில் 35 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும் கடலின் மேல் 5 கிலோமீட்டர் வேகத்தில்தான் முன்னேறும். அதுவே படகின் வேகம். அப்போது கடற்காகம் படகின் பின்புறத்துக்கு மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டது போல நிற்கும். படகின் பக்கத்தில் மோதி மேலெழும் காற்றும் அதைத் தாங்கும்.

பருந்து நிலத்தின் மேல் வெப்பக் காற்று எழும் இடங்களில் சுற்றி உயரும் பறவை. கடலின் மேல் அத்தகைய எழுகாற்று பொதுவாக வலுக்குறைந்தது. களைத்தால் நீரில் அமரவும் வழியில்லை. ஆகவே பருந்துகள் கரைக்கு அருகிலும் துறைமுகத்திலும் மிகுதி. நெடுந்தொலைவு உடன் வருபவை கடற்காகங்களே.

கழிசல் நின்றால்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் கடற்காகங்களில் பெரும்பாலானவை வடக்கே திரும்பிவிடும். இங்கேயே வாழும் பருந்துகளோ துறைமுகக் குப்பை, கழிமுகம், வயல் என வேறிடங்களில் இரை தேடும்.

கழிசல் நிலையாகக் குறைந்தால் விளைவு வேறாகவும் இருக்கலாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் பெரிய ஸ்குவா என்னும் கடற்பறவை, படகுகள் எறியும் மீனை நம்பிப் பெருகியது. எறியும் மீனும் இயற்கையான சிறு மீனும் குறைந்த ஆண்டுகளில், அது மற்றக் கடற்பறவைகளைக் கொன்று தின்பது கூடியது. தமிழகத்திலும் முன்பு கடலில் எறியப்பட்ட சிறு மீன்களில் பெரும்பங்கு இப்போது கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் கரைக்கு வருகிறது. கடலில் எறிவது குறைந்தாலும், குஞ்சு மீன்கள் மடியில் சிக்குவது அதனால் குறைவதில்லை. எனவே படகின் மேல் பறவைகள் குறைந்திருப்பதைக் கொண்டு மட்டும், அப்படகு சிறு மீன்களைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்ய இயலாது.