இறுகிப்போன நாசிலைக் கழற்றும் முன்

பர்னரைத் தேய்த்துக் கழுவிய பிறகும் தீ சோம்பலாகவே எரிந்தால், அடைப்பு பெரும்பாலும் நாசிலில்தான் இருக்கும். கேஸ் வால்வின் முனையில் மரை போட்டுத் திருகியிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு அது. மேலே இருந்தபடியே ஊசியால் குத்தினால் தூசி உள்ளே போகும்; நான்கு நாளில் அதே துளையில் வந்து நிற்கும். கழற்றி எடுத்துச் சுத்தம் செய்வதே சரி.

முதலில் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். ஜன்னலைத் திறந்து, அடுப்பு முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். பிறகு பர்னர்களை எடுத்துவிட்டு, தரையில் துணி விரித்து அடுப்பைக் கவிழ்த்து வையுங்கள். பர்னருக்குக் காற்றும் கேஸும் கலந்து போகும் குழாயின் திருகைக் கழற்றினால், நாசில் கண்ணுக்குத் தெரியும்.

பலரும் இங்கேதான் குறடை எடுக்கிறார்கள். பித்தளை மென்மையானது. குறடு ஒருமுறை வழுக்கினாலே அறுகோண முனைகள் மழுங்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பானரும் பிடிக்காது. 6, 7, 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர்களைப் பொருத்திப் பார்த்து, ஆட்டமில்லாமல் உட்காருவதை மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொரு கையில் வேறொரு ஸ்பானரால் வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பிடிக்காமல் நாசிலை மட்டும் திருகினால், வால்வு கேஸ் குழாயோடு சேரும் இடம் முறுக்கிக்கொள்ளும். கசிவு அங்கே தொடங்கும்.

நாசிலின் துளையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கம் திருப்புங்கள். அசையவில்லையா? துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு மரையில் விட்டு, அரை மணி நேரம் பொறுங்கள். நெருப்பால் சூடாக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் கூடவே கூடாது. முனை மழுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வால்வு கெட்டால் ஆகும் செலவைவிட நாசிலின் விலை மிகக் குறைவு.

கழற்றியதை வெந்நீரும் சோப்பும் கலந்து ஊறவைத்து, நாசில் துளைக்கென்று விற்கும் மெல்லிய கம்பியை அகலமான பின்பக்கத்திலிருந்து விட்டு எடுங்கள். தையல் ஊசி வேண்டாம். துளை சற்றே பெரிதானாலும் கேஸ் அதிகமாகும். தீ மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி பிடிக்கும். பெரிய பர்னர் நாசிலும் சின்ன பர்னர் நாசிலும் துளையில் வேறுபட்டவை, எனவே மாற்றிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் கழுவி, வெயிலில் உலர்த்தியபின் கையால் மரையில் ஏற்றி, ஸ்பானரால் அளவாக இறுக்குங்கள்.

இணைத்த பின்பு ரெகுலேட்டரைப் போட்டு, அடுப்பு நாப்களை மூடியபடியே வால்வும் குழாயும் சேரும் இடங்களில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் பற்றவைக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் அது.