கட்டத்தில் உச்சம், அம்சத்தில் நீசம்

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகத்தில் சுக்கிரன் மீனத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனம் அவருக்கு உச்ச வீடு. களத்திரகாரகனே உச்சம் பெற்றிருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று பெண் வீட்டில் பேச்சு முடிந்துவிடும். அனுபவமுள்ள ஜோதிடர் மட்டும் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கட்டத்தையும் பார்ப்பார். அதுதான் நவாம்சம்.

ஒரு ராசிக்கு 30 பாகை. அதை ஒன்பதாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 3 பாகை 20 கலை. சரியாக ஒரு நட்சத்திரப் பாதம். மீனத்தின் ஒன்பது பங்குகளும் கடகத்தில் தொடங்கி வரிசையாக மீனம் வரை போகும். நம் மாப்பிள்ளையின் சுக்கிரன் மீனத்தில் 8 பாகையில், அதாவது உத்திரட்டாதி இரண்டாம் பாதத்தில் நிற்கிறார். கடகம், சிம்மம் தாண்டி மூன்றாவது பங்கு கன்னி. கன்னி சுக்கிரனுக்கு நீச வீடு!

இதையே திருப்பிப் பாருங்கள். இன்னொரு ஜாதகத்தில் சுக்கிரன் கன்னியில் 8 பாகை, உத்திரம் நான்காம் பாதம். ராசியில் நீசம்; அம்சத்தில் மீனம் ஏறி உச்சம். இதை நீசபங்கம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். முதல் ஜாதகத்துக்குக் கல்யாணம் விமரிசையாக நடந்தாலும் உள்ளே மனநிறைவு குறையும் என்றும், இரண்டாவதற்குத் தொடக்கத்தில் தடை இருந்தாலும் போகப்போக இல்லறம் நிலைக்கும் என்றும் மரபு சொல்கிறது. ஏழாம் அதிபதிக்கும் இதே சோதனை உண்டு. ஆனால் ராசிக் கட்டத்தை ஒதுக்கிவிட்டு அம்சத்தை மட்டும் வைத்துப் பலன் சொல்வது மரபுப்படியே தவறு. ராசி காட்டியதன் வலுவை எடைபோடத்தான் அம்சம்.

சிக்கல் பிறந்த நேரத்தில் இருக்கிறது. சுக்கிரன் ஒரு பாதத்தைக் கடக்க இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதால் அவர் இடம் எளிதில் பிசகாது. நவாம்ச லக்னமோ சராசரியாக 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். இரட்டைக் குழந்தைகளுக்கு ராசிக் கட்டம் ஒன்றாகவே இருந்தும் அம்ச லக்னம் வேறாகக்கூடியது இதனால்தான். ‘காலை பத்து மணி வாக்கில்’ என்று பாட்டி சொன்ன நேரத்தை வைத்து அம்ச லக்னத்துக்கு ஏழாமிடத்தை அலசுவது வீண் வேலை.

பஞ்சாங்கமும் காலை வாரலாம். வாக்கியத்தில் 6 பாகை 50 கலையில் நிற்கும் சுக்கிரன் திருக்கணிதத்தில் 6 பாகை 30 கலைக்கு வந்தால், அம்சம் கன்னியிலிருந்து சிம்மத்துக்கு மாறிவிடும், நீசமும் போய்விடும்.

இதெல்லாம் மரபின் கணக்கு. அறிவியல் சோதனையில் தேறியது அல்ல. இருந்தும் ஜாதகம் பார்த்தே முடிவு செய்யும் வீடு என்றால், ‘அம்சத்தில் நீசம்’ என்ற ஒரே சொல்லுக்காக வரனைத் தள்ளிவிடாதீர்கள். எந்தப் பஞ்சாங்கம், சுக்கிரன் எத்தனை பாகை, பிறந்த நேரம் எங்கே குறிக்கப்பட்டது என்று ஜோதிடரிடம் முதலில் கேளுங்கள்.