கடல் கடக்கும் பணம் ஏன் தாமதிக்கிறது?

அயல்நாட்டிலிருந்து அனுப்பும் பணம் உண்மையில் பிரயாணம் செய்வதில்லை. செய்தி மட்டுமே செல்ல, இடைநிற்கும் வங்கிகள் ஒவ்வொன்றும் தத்தம் அலுவல் நேரத்தில் அதைப் பரிசோதித்து, கட்டணம் பிடித்துக்கொண்டு, முன்கூட்டியே முடக்கிவைத்த வைப்பிலிருந்து பட்டுவாடா செய்வதாலேயே நாட்கள் கழிகின்றன.

சீனம், ஹாங்காங், தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் மத்திய வங்கிகள் 2022-இல் ‘எம்பிரிட்ஜ்’ என்னும் பொதுப் பேரேட்டில் தத்தம் டிஜிட்டல் நாணயங்களை வெளியிட்டுப் பரீட்சித்தபோது, 20 வணிக வங்கிகள் இடைவங்கியின்றி நேரே கொடுத்து வாங்கின; ஒரு நாணயம் கைமாறாவிடில் மற்றதும் மாறாதென்ற நியதியால், நம்பிக்கைக்கென வைப்பை முடக்கவேண்டிய அவசியம் குறைந்து, தீர்வு சில நொடிகளில் முடிந்தது.

ஆயினும் நாணயமாற்று விகிதத்தில் மறைந்திருக்கும் இலாபமும், ரொக்கம் வழங்கும் முகவரின் தரகும், கள்ளப்பணச் சோதனையின் செலவும் பேரேட்டினால் அகலுவதில்லை. சிறுதொகை அனுப்பும் தொழிலாளியின் சுமையில் இவை கணிசமானவை ஆதலால், வேகம் கூடுமளவுக்குச் செலவும் குறையுமென நான் கருதவில்லை.