கோடு போட்ட விலைதான் அடுத்த ஆண்டு விலை

ஆன்டிவைரஸ் விற்கும் இணையதளத்தில் எப்போதும் இரண்டு விலை இருக்கும். கணக்குக்காக, ஐந்து சாதனங்களுக்கான ஓராண்டு சந்தா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,199 ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் 3,499 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு. ஆடித் தள்ளுபடி பார்த்துப் பழகிய கண், கோடு போட்டதை நேற்றைய விலை என்றே படித்துவிடும். ஆனால் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். ‘முதல் ஆண்டுக்கு மட்டும்’ என்றும், ‘புதுப்பிப்பு விலையோடு ஒப்பிட்ட சேமிப்பு’ என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். அதாவது அந்த 3,499 யாரோ முன்பு கொடுத்த விலை அல்ல. அடுத்த ஆண்டு நீங்கள் கொடுக்கப்போகும் விலை. அதுவும் அப்போதைக்குள் ஏறியிருக்கலாம்.

இப்படி விற்பதற்குக் காரணம் இருக்கிறது. மென்பொருளை இன்னொருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நிறுவனத்துக்குச் செலவு மிகக் குறைவு. பெரிய செலவு, வாடிக்கையாளரைப் பிடிப்பதில்தான்: விளம்பரம், விற்பனைத் தளங்களுக்கான கமிஷன், புது லேப்டாப்பில் முன்கூட்டியே ஏற்றித் தருவதற்கான ஒப்பந்தம். முதல் ஆண்டில் குறைந்த லாபத்துக்கு, சில சமயம் நஷ்டத்துக்கும் விற்று, இரண்டாம் ஆண்டிலிருந்து அதை மீட்கிறார்கள். மீட்க முடிவதற்குக் காரணம், வாங்கும்போதே நம் கார்டு விவரம் அவர்களிடம் தங்கிவிடுவதும், ‘தானாகப் புதுப்பி’ என்ற ஏற்பாடு ஆரம்பத்திலேயே இயங்கத் தொடங்கிவிடுவதும்.

நம் கவனக்குறைவு சந்தா விற்பவர்களுக்கு எவ்வளவு பணம் ஈட்டித் தருகிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லிரான் ஈனாவ், பெஞ்சமின் குளோபக், நீல் மஹோனி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் பிரபலமான பத்து சந்தா சேவைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரின் கார்டு காலாவதியாகியோ தொலைந்தோ புதுக் கார்டு வரும்போது, பழைய எண்ணில் பணம் எடுக்க முடியாது. சந்தா தொடர வேண்டுமானால் அவரே உட்கார்ந்து புது எண்ணைக் கொடுக்க வேண்டும். ‘இது எனக்கு வேண்டுமா?’ என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அந்த மாதங்களில் சந்தாவைக் கைவிடுவோர் எண்ணிக்கை சட்டென்று கூடியது. சாதாரண மாதங்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டபோது, வாடிக்கையாளர்கள் கவனிக்காமல் விடுவதால் மட்டுமே விற்பவர்களின் வருமானம் சேவையைப் பொறுத்து 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கும் மேல் கூடியிருப்பதாகத் தெரிந்தது. ஆன்டிவைரஸுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்பது என் கருத்து. படம் பார்க்கும் சேவையையாவது நாம் திறந்து பார்க்கிறோம். இதுவோ பின்னணியில் சத்தமில்லாமல் ஓடுவது.

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் ஆன்டிவைரஸ் சந்தாக்கள் தானாகப் புதுப்பிக்கப்படுவதை 2018 டிசம்பரில் விசாரிக்கத் தொடங்கியது. 2021 மே மாதம் மெக்காஃபியும், ஜூன் மாதம் நார்ட்டனும் தங்கள் நடைமுறையை மாற்ற எழுத்துமூலம் ஒப்புக்கொண்டன. தானாகப் புதுப்பிக்கப்பட்ட வாடிக்கையாளர் பின்னால் விலகினாலும், பயன்படுத்தாமல் மீதியுள்ள காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அதில் முக்கியமானது. அது பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த உரிமை. இங்கே அப்படியே பொருந்தாது.

இந்தியாவில் நமக்கிருக்கும் பிடி வேறு. 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. முதல் பதிவின்போது ஓடிபி வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். ஆனால் ஓடிபி இல்லாமலே எடுக்கக்கூடிய உச்சவரம்பை 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ஆக்கிவிட்டார்கள். வீட்டு ஆன்டிவைரஸ் சந்தா அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆக, நீங்கள் விலகியிருந்தால் தவிர, உங்களுக்கும் அந்த 3,499 ரூபாய்க்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு எஸ்எம்எஸ். அது வரும் நேரமும் எதிர்பாராததாக இருக்கும். சில நிறுவனங்கள் காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே பணத்தை எடுத்துக்கொள்கின்றன. கடைசி வாரத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

எனவே வாங்கிய அன்றே கணக்குப் பக்கத்துக்குப் போய்த் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். கட்டிய ஓராண்டு பாதுகாப்பு அப்படியே தொடரும். வைரஸ் நீங்காவிட்டால் பணம் வாபஸ் என்பது போன்ற கூடுதல் உத்தரவாதத்தைச் சில நிறுவனங்கள் தானாகப் புதுப்பிப்போருக்கு மட்டும் தருகின்றன. நிறுத்தினால் அது போகும். போனில் கூகுள் பிளே அல்லது ஆப்பிள் வழியாக வாங்கியிருந்தால் அங்கேதான் நிறுத்த வேண்டும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது.

அடுத்தது, ஐந்து சாதனங்கள் என்ற எண். நிறுவலின்போது மென்பொருள் அந்தக் கணினிக்கு ஓர் அடையாளத்தை உருவாக்கி, நிறுவனத்தின் சர்வரில் பதிகிறது. ஐந்து இடங்களில் ஒன்று நிரம்பிவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலோ மதர்போர்டை மாற்றினாலோ, அதே லேப்டாப் சர்வருக்குப் புதுச் சாதனமாகத் தெரியக்கூடும். பழைய பதிவும் இருக்கும், புதியதும் சேரும். வீட்டில் மூன்றே சாதனங்கள் இருந்தும் ‘எல்லா இடமும் நிரம்பிவிட்டது’ என்று திரை சொல்வது இதனால்தான். மேலும் இடம் வாங்கச் சொல்லும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தொடாமல், கணக்கில் உள்ள சாதனப் பட்டியலைத் திறந்து, நெடுநாளாகத் தொடர்பில் வராத பெயரை நீக்கினால் இடம் காலியாகும். கீ எண் கொண்ட பெட்டியாக வாங்கியிருந்தால், பழைய கணினியை விற்கும் முன்பே அதில் அந்தக் கீயைச் செயலிழக்கச் செய்துவிடுவது நல்லது.

ஐந்து இடமும் ஒரே மதிப்புடையவை அல்ல. இரண்டு விண்டோஸ் கணினிகள், இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள், ஓர் ஐபோன் உள்ள வீட்டைப் பார்ப்போம். காகிதத்தில் சாதனத்துக்கு முதல் ஆண்டு 240 ரூபாய், அடுத்த ஆண்டு 700 ரூபாய். ஆனால் ஐபோனில் ஒரு செயலி இன்னொரு செயலியின் உள்ளே எட்டிப் பார்க்க ஆப்பிள் விடுவதில்லை. அதனால் அங்கே வைரஸ் தேடல் நடக்காது. மோசடி இணையதள எச்சரிக்கை, விபிஎன் போன்றவைதான் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் ஓரளவு தேடல் உண்டு, ஆனால் கூகுளின் பிளே புரொடெக்ட் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் தேடல் முழுமையாக வேலை செய்வது இரண்டு கணினிகளில்தான். அப்படிப் பார்த்தால் புதுப்பிப்பு ஆண்டில் கணினிக்கு ஏறத்தாழ 1,750 ரூபாய் விழுகிறது. இரண்டு கணினிக்கான சிறிய பேக் இதைவிட மலிவா என்று, புதுப்பிப்பு விலையை வைத்தே ஒப்பிட வேண்டும்.

மூன்று ஆண்டுக் கணக்கைப் போட்டால் வித்தியாசம் புலப்படும். தானாகப் புதுப்பிக்க விட்டால் 1,199 உடன் இரண்டு முறை 3,499, மொத்தம் 8,197 ரூபாய். ஒவ்வோர் ஆண்டும் காலம் முடியும்போது புதிய பேக் ஒன்றை அன்றைய அறிமுக விலையில் வாங்கினால், அது 1,300 ரூபாய்க்கு ஏறியிருந்தால்கூட, மொத்தம் 3,799தான். பழைய வாடிக்கையாளருக்கு அறிமுக விலை கிடையாது என்று சிலர் நிபந்தனை வைப்பதுண்டு. அங்கே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம்.

நடுவில் சில நாள் சந்தா இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயம்தான் பலரை அதிக விலை கொடுக்க வைக்கிறது. காலாவதியான மென்பொருளும் சிவப்பு எச்சரிக்கைகளைத் தொடர்ந்து காட்டி அந்தப் பயத்தை வளர்க்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. வேறு ஆன்டிவைரஸ் இயங்கும்போது அது ஒதுங்கி நிற்கும். அந்த மென்பொருளின் காலம் முடிந்து பாதுகாப்பு நின்றால் தானே வேலையைத் தொடங்கும். பழையதை முழுமையாக நீக்கிவிட்டு Windows Security பக்கத்தில் Virus & threat protection பகுதியைத் திறந்து பாருங்கள். அந்த நிமிடம் கணினியைக் காப்பது எது என்று அங்கே பெயரோடு தெரியும்.